இரண்டு லட்சம் வந்தது, பாக்கி எவ்வளவு?

"சார், பேமெண்ட் 2,00,000 வந்துச்சு. நன்றி. பேலன்ஸ் 1,71,700 சீக்கிரம் அனுப்பி விடுங்க."

பில் போட்டுத் தொழில் செய்யும் எந்த ஊரிலும் இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி தினமும் போய்க்கொண்டிருக்கும். மரியாதையில் குறை இல்லை, கழித்தலும் சரி: 3,71,700-இல் 2,00,000 போனால் 1,71,700. ஆனால் இதைப் படிக்கும் எதிர்த்தரப்பு அக்கவுண்டண்டின் லெட்ஜரில் இருக்கும் பாக்கி 1,58,440. இடையில் 13,260 ரூபாய் வித்தியாசம். அது எங்கிருந்து வந்தது என்று செய்தியில் எதுவும் இல்லை. "லெட்ஜர் டேலி ஆகலைங்க, ஸ்டேட்மெண்ட் அனுப்புங்க" என்று பதில் வரும். அதோடு பத்து நாள் போய்விடும்.

பணம் பாதி வந்ததற்கான செய்தியை எப்படித் திருத்தி எழுதுவது என்பதை ஒரே கணக்கை வைத்துப் பார்ப்போம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை, ஒரு பனியன் கம்பெனிக்கு ஜாப் ஒர்க்காகத் துணிக்குச் சாயம் ஏற்றிக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலிக்கு 5% ஜிஎஸ்டி. 45 நாள் கெடு என்று எழுத்தில் பேசியிருக்கிறார்கள். மூன்று பில் நிலுவையில் இருக்கிறது.

பில் 211, தேதி 03.04.2025. கூலி 1,20,000, வரி 6,000, மொத்தம் 1,26,000.
பில் 226, தேதி 19.04.2025. கூலி 84,000, வரி 4,200, மொத்தம் 88,200.
பில் 240, தேதி 05.05.2025. கூலி 1,50,000, வரி 7,500, மொத்தம் 1,57,500.

பில் 226-இல் ஒரு லாட் ஷேடு மாறிப் போனது. பேசி முடித்து, கூலியில் 6,000, அதற்கான வரி 300 என்று 6,300-க்குப் பட்டறைக்காரர் கிரெடிட் நோட் (எண் 14) கொடுத்துவிட்டார். 02.06.2025 அன்று ஆர்டிஜிஎஸ்-இல் 2,00,000 வருகிறது. எந்தப் பில்லுக்கு என்று ஒரு வார்த்தையும் கூட வரவில்லை.

முதல் பிழை கண்ணுக்கு உடனே தெரியும். கிரெடிட் நோட் கணக்கில் வரவில்லை. அதைக் கழித்தால் மொத்தம் 3,65,400, வந்தது போக 1,65,400. இன்னும் 6,960 ரூபாய் இடிக்கிறது. அதுதான் டிடிஎஸ்.

ஜாப் ஒர்க் கூலிக்குப் பணம் கொடுப்பவர் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். பட்டறை பார்ட்னர்ஷிப்பாகவோ கம்பெனியாகவோ இருந்தால் 2%, தனிநபர் பெயரில் இருந்தால் 1%. பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் கூலித் தொகைக்கு மட்டும்தான் பிடிப்பு, வரிக்குப் பிடிப்பு இல்லை. நம் பட்டறை பார்ட்னர்ஷிப். மூன்று பில்லின் கூலியையும் கூட்டி, கிரெடிட் நோட்டின் 6,000-ஐக் கழித்தால் 3,48,000. அதில் 2% என்றால் 6,960. கணக்கு நேராகிவிட்டது.

இங்கே பெரும்பாலானோர் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. டிடிஎஸ் என்றால் பணம் கொடுக்கும்போது பிடிப்பது என்று நினைக்கிறோம். சட்டப்படி, பில்லைப் பட்டறையின் கணக்கில் வரவு வைக்கும் நாள், பணம் கொடுக்கும் நாள், இவற்றில் எது முந்தியதோ அப்போது பிடிக்க வேண்டும். ஆகவே பனியன் கம்பெனியின் அக்கவுண்டண்ட் பில் 240-ஐ மே மாதம் புத்தகத்தில் ஏற்றியபோதே அதன் 3,000-ஐப் பிடித்திருப்பார். ஒரு ரூபாய் கூட இன்னும் கொடுக்காத பில்லுக்கும் அவர் லெட்ஜரில் டிடிஎஸ் கழிந்துதான் இருக்கும். பட்டறையில் கணக்கு எழுதுபவரோ பணம் வந்த பில்களுக்கு மட்டும் டிடிஎஸ் கழிப்பார். அந்த முறையில் பாக்கி 1,61,440 என்று வரும். இவர் 1,61,440 என்பார், அவர் 1,58,440 என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, 3,000 ரூபாய் இரண்டு வேறு தேதிகளில் நிற்கிறது.

செய்தியில் எந்தத் தொகையைப் போடுவது? அவர் லெட்ஜரில் இருக்கும் தொகையைப் போடுவதுதான் நல்லது. அதற்கு அவரைத் திருப்திப்படுத்துவது காரணம் இல்லை. எல்லாப் பில்லுக்கும் டிடிஎஸ் கழித்துவிட்டால், வந்த பணத்தை எந்தப் பில்லில் வரவு வைத்தாலும் மொத்தப் பாக்கி மாறாது. பணம் தொட்ட பில்லுக்கு மட்டும் கழித்தால் மாறும். சோதித்துப் பார்க்கலாம். பழைய பில்லிலிருந்து வரவு வைத்தால் 211, 226 இரண்டுக்கும் சேர்த்து டிடிஎஸ் 3,960, பாக்கி 1,61,440. அதே பணத்தை 226-க்கும் 240-க்கும் வைத்தால் டிடிஎஸ் 4,560, பாக்கி 1,60,840. வந்த பணம் ஒன்றே, ஆனால் பாக்கி 600 ரூபாய் குறைந்துவிட்டது. இப்படி ஆட்டம் காணும் எண்ணை யாருக்கும் அனுப்பக் கூடாது.

ஆனால் டிடிஎஸ் கழிப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. அவர் பிடித்துக்கொண்டு அரசுக்குக் கட்டாமல் விட்டால், உங்கள் 26ஏஎஸ்-இல் அந்தத் தொகை வராது, வரியில் ஈடு செய்யவும் முடியாது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டின் டிடிஎஸ் ஸ்டேட்மெண்ட்டை அவர் ஜூலை 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் உங்களால் பார்க்க முடியும். ஜூன் 2-ஆம் தேதி அனுப்பும் செய்தியில் டிடிஎஸ் என்பது அவர் பிடித்திருப்பார் என்ற நம்பிக்கைதான். ஆகவே "26ஏஎஸ்-இல் வருவதற்கு உட்பட்டது" என்று மூன்று சொல் சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அந்த 6,960 வந்து சேர்ந்துவிட்டதாக நீங்களே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும்.

டிடிஎஸ் எந்தத் தொகைக்கு என்பதையும் பில் 226 பக்கத்தில் எழுதிவிடுங்கள். கிரெடிட் நோட் வருவதற்கு முன்பே அவர் பில்லை ஏற்றியிருந்தால் 84,000-க்கு 1,680 பிடித்திருப்பார். நீங்கள் 78,000-க்கு 1,560 என்று போடுகிறீர்கள். பின்னால் லெட்ஜரில் 120 ரூபாய் வித்தியாசம் வந்து நிற்கும். பெரிய தொகை தப்பினால் உடனே கண்ணில் படும். இந்த 120 போன்றதுதான் ஒரு மாதம் உயிரை வாங்கும். "78,000-க்கு" என்ற ஒரு சொல் இருந்தால் அக்கவுண்டண்ட் அங்கேயே பிடித்துவிடுவார்.

இனி எந்தப் பில்லில் வரவு வைப்பது என்ற கேள்வி. அது உங்கள் விருப்பம் மட்டும் இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 59, 60, 61 என்ற மூன்று பிரிவுகள் இதற்கென்றே இருக்கின்றன. கடனைத் திருப்பித் தர வேண்டியவர் "இது இந்தப் பில்லுக்கு" என்று சொல்லி அனுப்பினால், பணத்தை வாங்கிக்கொண்டவர் அதில்தான் வரவு வைக்க வேண்டும். வாயால் சொல்லாவிட்டாலும் சூழ்நிலையே சொல்லிவிட்டால் அதுவும் செல்லும். பிரிவு 59-க்குச் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: ஒருவர் பல கடன்களுக்கு இடையில் 567 ரூபாயும் தர வேண்டும். அந்த 567-ஐக் கேட்டுக் கடிதம் வருகிறது. அவர் 567 ரூபாய் அனுப்புகிறார். அது அந்தக் கடனுக்குத்தான் போக வேண்டும். தொகையே பேசுகிறது.

அவர் எதுவும் சொல்லவில்லை, சூழ்நிலையும் சொல்லவில்லை என்றால், சட்டப்படி செலுத்த வேண்டிய எந்தக் கடனிலும் நீங்கள் வரவு வைக்கலாம். காலாவதியான பழைய கடனில்கூட வைக்கலாம் என்கிறது பிரிவு 60. இரண்டு பேருமே எதையும் குறிக்கவில்லை என்றால் பழைய கடனிலிருந்து வரிசையாகப் போகும் என்கிறது 61.

நம் கணக்கில் வந்தது ரூ.2,00,000. எந்தப் பில்லோடும் பொருந்தாத மொட்டைத் தொகை. ஆகவே தேர்வு பட்டறைக்காரரிடம் இருக்கிறது. அவர் பழைய பில்லிலிருந்து வைக்கிறார். நல்ல தேர்வுதான். ஆனால் புத்தகத்தில் எழுதியதோடு வேலை முடிவதில்லை. எதிர்த்தரப்புக்குச் சொல்லும்வரை அது உங்கள் வீட்டுக்குள் இருக்கும் எண்ணம், மாற்றிக்கொள்ளலாம். சொன்னபிறகு நீங்களாக மாற்றினால் சண்டை வரும். அந்தச் சொல்லும் வேலையைத்தான் இந்தச் செய்தி செய்கிறது. அதனால்தான் "நன்றி, வந்துச்சு" என்று மட்டும் எழுதுவது வாய்ப்பைக் கைவிடுவதாகும்.

பனியன் கம்பெனிக்கும் பில்வாரியாகத் தெரிய வேண்டிய தேவை இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் போகவில்லை என்றால் அந்தப் பில்லில் எடுத்த ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட்டை அவர்கள் திருப்ப வேண்டும். பட்டறை உத்யம் பதிவு செய்த குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். அதற்குள் கொடுக்காத தொகை அந்த ஆண்டின் செலவாக வருமான வரியில் ஏற்கப்படாது, கொடுத்த ஆண்டில்தான் ஏற்கப்படும். மார்ச் மாதம் அந்த அக்கவுண்டண்ட் எந்தப் பில் அடைந்தது, எது அடையவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார். உங்கள் ஜூன் மாதச் செய்தி அன்றைக்கு அவருக்குக் கையில் கிடைத்த ஆதாரம்.

இவ்வளவையும் வைத்து, எண்களை மட்டும் திருத்தி எழுதினால் செய்தி இப்படி வரும்:

> சார், பேமெண்ட் 2,00,000 வந்துச்சு. பில் 211-க்கு 1,23,600, பில் 226-க்கு 76,400 வைத்தாச்சு. கிரெடிட் நோட் 6,300, டிடிஎஸ் 6,960 போக மீதி 1,58,440. உடனே அனுப்பி வைக்கவும்.

எண்கள் எல்லாம் சரி. ஆனால் செய்தி இன்னும் தேறவில்லை.

"மீதி" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாக்கியத்தில் அது எதன் மீதி? வந்த இரண்டு லட்சத்தில் மிச்சமிருப்பதா, பில் 226-இல் மிச்சமிருப்பதா, மொத்தக் கணக்கில் மிச்சமிருப்பதா? பேச்சில் குரல் காட்டிக்கொடுக்கும், எழுத்தில் காட்டாது. வந்த பணத்தின் மிச்சத்துக்கு "மீதி" என்றும், பில்லில் நிற்பதற்கு "பாக்கி" என்றும், மொத்தத்துக்கு "இனி வர வேண்டியது" என்றும் பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. எந்தச் சொல்லைப் பிடித்தாலும் கடைசிவரை அதையே பிடிக்க வேண்டும். ஒரே செய்தியில் பேலன்ஸ், மீதி, நிலுவை, பாக்கி நான்கும் வந்தால் நான்கு வேறு தொகை என்று படிப்பவர் நினைத்தால் தப்பில்லை.

"பில் 226-க்கு 76,400" என்பதும் அப்படித்தான். 226-ஆம் பில்லின் தொகையே 76,400 என்றும் படிக்கலாம். பில் 88,200-க்கு வந்திருக்கிறதே என்று அவர் தேட ஆரம்பிப்பார். "பில் 226-இல் வரவு வைத்தது 76,400, பாக்கி 3,940" என்றால் சந்தேகம் இல்லை.

இரண்டாம் வரைவில் எனக்கு மிகவும் உறுத்துவது கடைசி வாக்கியம். 1,58,440-ஐ "உடனே" கேட்கிறது. கெடுவைக் கணக்குப் போடுங்கள். பில் 211-க்கு 45-ஆவது நாள் மே 18. பில் 226-க்கு ஜூன் 3. பில் 240-க்கு ஜூன் 19. பணம் வந்த ஜூன் 2 அன்று கெடு தாண்டியிருந்தது பில் 211 மட்டும். அதுவும் இப்போது அடைந்துவிட்டது. நாளைக்கு வர வேண்டியது 3,940. மற்ற 1,54,500-க்கு இன்னும் 17 நாள் இருக்கிறது. பேசிய கெடுவுக்கு முன்பே ஒன்றரை லட்சத்தை "உடனே" என்று கேட்டால், அடுத்த முறை உண்மையிலேயே கெடு தாண்டியபின் நீங்கள் "உடனே" என்று எழுதும்போது அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்காது. அவர் மனத்தில் மொத்தமாக ஒரு பெரிய தொகை உட்கார்ந்து, நாளைக்கே தரக்கூடிய 3,940-உம் அதோடு சேர்ந்து தள்ளிப் போகும்.

செய்தியை யார் படிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். முதலில் பார்ப்பவர் முதலாளி. போன் திரையில் அறிவிப்பு வரும்போது முதல் இரண்டு வரி தெரியும், அதோடு சரி. அடுத்து அவர் அதை அக்கவுண்டண்டுக்குத் தள்ளிவிடுவார், அவர்தான் கடைசிவரை படிப்பார். ஆகவே வந்த தொகை, வர வேண்டியது, எந்தத் தேதி ஆகிய மூன்றும் மேலே. கணக்கு கீழே. வந்த பணத்தைப் பிரித்ததையும், பாக்கி எப்படி வந்தது என்பதையும் கலக்காமல் இரண்டு தனித் துண்டாகக் கொடுக்க வேண்டும். முதல் துண்டு கூட்டினால் சரியாக 2,00,000 வர வேண்டும். இரண்டாவது துண்டு பில் மொத்தத்தில் தொடங்கிக் கழித்துக்கொண்டே போய்ப் பாக்கியில் முடிய வேண்டும். முதல் துண்டுக்குள் டிடிஎஸ்-ஐ நுழைத்தால் கூட்டுத்தொகை 2,00,000-ஐத் தாண்டிவிடும், படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார்.

> வணக்கம் சார். 02.06.2025 ஆர்டிஜிஎஸ் ரூ.2,00,000 வந்தது, நன்றி.
> இனி வர வேண்டியது ரூ.1,58,440. இதில் 3,940-க்குக் கெடு 03.06, 1,54,500-க்குக் கெடு 19.06.
>
> *வந்த 2,00,000 வரவு வைத்த விதம்*
> பில் 211-இல் 1,23,600. பில் முடிந்தது.
> பில் 226-இல் 76,400. பாக்கி 3,940.
>
> *வர வேண்டியது எப்படி*
> பில் 211, 226, 240 மொத்தம் 3,71,700
> கிரெடிட் நோட் 14 (பில் 226) 6,300 போக 3,65,400
> டிடிஎஸ் 2% 6,960 போக 3,58,440
> வந்தது 2,00,000 போக 1,58,440
>
> டிடிஎஸ் விவரம்: பில் 211க்கு 2,400, பில் 226க்கு 1,560 (78,000-க்கு), பில் 240க்கு 3,000. 26ஏஎஸ்-இல் வருவதற்கு உட்பட்டது.
>
> வேறு பில்லுக்கு என்று அனுப்பியிருந்தால் நாளைக்குள் சொல்லுங்க, மாற்றிக் கொள்கிறோம். உங்கள் லெட்ஜர் பாக்கியும் இதுதான் என்றால் "சரி" என்று ஒரு பதில் போடுங்க.

கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் முதலாளிக்கு முதல் இரண்டு வரி போதும். அதற்குக் கீழே இருப்பது அக்கவுண்டண்டுக்கு. அவர் லெட்ஜரில் எந்த எண் இருந்தாலும் இந்த நான்கு வரிப் படிக்கட்டில் ஏதாவது ஒரு படியில் அது நிற்கும். அவரிடம் 1,64,620 இருந்தால் கிரெடிட் நோட்டை மட்டும் இன்னும் ஏற்றவில்லை என்று அர்த்தம். 1,65,400 இருந்தால் டிடிஎஸ் பதியவில்லை. 1,58,320 என்றால் அந்த 120. எந்தத் தப்பு என்று எண்ணே சொல்லிவிடும், ஸ்டேட்மெண்ட் கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

எழுத்து வடிவத்தில் சில சில்லறை விஷயங்கள். வாட்ஸ்அப்பில் இடைவெளி விட்டு விட்டுப் பத்தி பிரித்து அட்டவணை போடாதீர்கள். உங்கள் போனில் நேராக நிற்பது அவர் போனில் சரிந்துவிடும். மூன்று பேக்டிக் குறி போட்டுச் சம அகல எழுத்தாக மாற்றினாலும் தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்தில் வருவதில்லை, எண்கள் தள்ளிப்போகும். ஒரு வரிக்கு ஒரு செய்தி என்று எழுதினால் போதும். எண்ணுக்கு முன்னால் சிறுகோடு போட்டு வரிசைப்படுத்துவதையும் விட்டுவிடுங்கள். "- 6,300" என்பதைக் கழித்தல் என்று ஒருவர் படிப்பார், வெறும் புள்ளி என்று இன்னொருவர் படிப்பார். "போக" என்ற தமிழ்ச் சொல் இருக்கிறது, அதைவிடத் தெளிவான கழித்தல் குறி கிடையாது.

பணம் செக்காக வந்திருந்தால் "வந்தது" என்று எழுத வேண்டாம். "செக் கிடைத்தது, பாஸ் ஆனதும் வரவு" என்று எழுதுங்கள். செக் திரும்பினால் நீங்கள் அனுப்பிய பாக்கிக் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும்.

செய்தி எழுதுவதற்கு முன் கணக்குப் பதிவு சரியாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான தவறான செய்திகள் அங்கேதான் பிறக்கின்றன. டேலியில் ரசீது போடும்போது பில்வாரி விவரம் கேட்கும் இடத்தில் அவசரத்துக்கு `On Account` கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். லெட்ஜர் மொத்தம் சரியாக இருக்கும். ஆனால் நிலுவை அறிக்கையில் மூன்று பில்லும் முழுத் தொகையோடு திறந்தே நிற்கும், இரண்டு லட்சம் தனியாக எதிர்ப்பக்கத்தில் தொங்கும். கெடு தாண்டிய நாள் கணக்கும் பில் 211-க்கு ஏறிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து எழுதினால் அடைந்த பில்லையே திரும்பக் கேட்டுச் செய்தி போகும். `Agst Ref` தேர்ந்தெடுத்து 211-இல் 1,23,600, 226-இல் 76,400 என்று பிரித்துப் போட வேண்டும். கிரெடிட் நோட்டையும் பில் 226-இன் மேல் `Agst Ref` ஆகவே போட வேண்டும். டிடிஎஸ்-க்குத் தனி ஜர்னல்: டிடிஎஸ் வர வேண்டியது பற்று, பார்ட்டி வரவு, மூன்று பில்லிலும் 2,400, 1,560, 3,000. இதையெல்லாம் போட்டபின் நிலுவை அறிக்கையில் இரண்டு வரிதான் மிஞ்ச வேண்டும்: 226-இல் 3,940, 240-இல் 1,54,500. செய்தியில் இருப்பதும் இதுவேதான் என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அவரிடமிருந்து "சரி" வாங்குவது எதற்கு? நீங்கள் அனுப்பிய செய்தியைவிட அவர் பதிலுக்குத்தான் எடை அதிகம். கடனை வசூலிக்க வழக்குப் போடும் காலக்கெடு பொதுவாக மூன்று ஆண்டு. அது முடிவதற்குள் கடன் இருப்பதை அவர் தரப்பே எழுதிக் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் காலாவதிச் சட்டப்படி அந்தக் கெடு அங்கிருந்து புதிதாகத் தொடங்கும். நீங்களே எழுதிக்கொள்வதற்கு அந்தப் பலன் கிடையாது. மூன்று ஆண்டு நெருங்கும் பழைய பாக்கி என்றால் வாட்ஸ்அப் பதிலோடு விடாமல், கையெழுத்திட்ட பாக்கி உறுதிச் சீட்டு வாங்கிவிடுவது நல்லது.

"வேறு பில்லுக்கு என்றால் சொல்லுங்க" என்ற வரிக்கு அவர் பதிலில், "சார், 211-இல் குவாலிட்டி பிரச்சினை இருக்கு, அதை ஹோல்டு பண்ணியிருக்கோம், பணம் 226-க்கும் 240-க்கும்தான்" என்று வந்தால்? பணத்தோடு வந்த குறிப்பு இல்லை என்பதால் சட்டம் உங்கள் பக்கம். ஆனால் நீங்களே கேட்டீர்கள், மாற்றிக்கொள்கிறோம் என்றும் எழுதினீர்கள். மாற்றிவிடலாம். 226-இல் 80,340, அது முடிந்தது. 240-இல் 1,19,660, பாக்கி 34,840. பில் 211-இல் டிடிஎஸ் போக 1,23,600 அப்படியே நிற்கிறது. கூட்டிப் பாருங்கள், மொத்தம் அதே 1,58,440. எல்லாப் பில்லுக்கும் டிடிஎஸ் கழித்ததன் பலன் இங்கே தெரிகிறது. மாறியது கெடு மட்டும்: 1,23,600 கெடு தாண்டி 15 நாள் ஆகிவிட்டது. திருத்திய செய்தியில் "02.06 அன்று அனுப்பியதற்குப் பதிலாக" என்று முதல் வரியில் போட்டு, முழுக் கணக்கையும் திரும்ப எழுதுங்கள். மாறிய வரியை மட்டும் அனுப்பினால் இரண்டு செய்தியையும் சேர்த்துப் படிக்க வேண்டிய வேலை அவருக்கு. அவர் படிக்க மாட்டார். 211-இல் குவாலிட்டி பிரச்சினை என்பது இப்போதுதான் முதல்முறையாக எழுத்தில் வருகிறது என்பதையும் கவனியுங்கள். அதற்குத் தனியாகப் பதில் போட வேண்டும், பாக்கிச் செய்தியோடு கலக்க வேண்டாம்.

பதில் எதுவும் வராமல் ஜூன் 19 அன்று சரியாக 1,54,500 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பில்லிலிருந்து வைப்பதுதானே வழக்கம், முதலில் 226-இன் 3,940-ஐ முடித்துவிட்டு மற்றதை 240-இல் போடலாம் என்று கை போகும். போட முடியாது. 1,54,500 என்று எழுதி, 19.06 என்று கெடுவும் குறித்துக் கேட்டது நீங்கள். அந்தத் தொகையே அந்தக் கெடுவில் வந்திருக்கிறது. 567 ரூபாய்க் கதைதான். பில் 240-ஐ முடித்து, 226-இல் 3,940-ஐத் தனியாகக் கேட்க வேண்டும், இந்த முறை 16 நாள் தாமதம் என்று சேர்த்து.